திரையில் தயங்கியது யார்?

டொரொண்டோவில் கோடைக்கால ஞாயிறு, காலை ஒன்பது மணி. சென்னையில் மாலை ஆறரை. இரு வீட்டாரும் ஐந்து நிமிடம் நலம் விசாரித்துவிட்டு, "சரி, நீங்க ரெண்டு பேரும் பேசுங்க" என்று நகர்ந்துகொள்கிறார்கள். (நகர்ந்தவர்களில் பாதிப்பேர் கேமராவுக்குப் பின்னால்தான் நிற்பார்கள் என்பது வேறு கதை.) "கல்யாணத்துக்கு அப்புறம் இங்க வந்து இருக்க உங்களுக்கு சம்மதமா?" என்று மாப்பிள்ளை கேட்கிறார். பெண் யோசிக்கவே இல்லை. கேள்வி காதில் விழுந்த மறுகணம் "சம்மதம்தாங்க" என்கிறார். அழைப்பு முடிந்ததும் மாப்பிள்ளை தன் அம்மாவிடம் சொல்வது வேறு: "நல்ல பொண்ணுதாம்மா. ஆனா இங்க வர்றதுல கொஞ்சம் தயங்குற மாதிரி தெரிஞ்சுது."

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்பதைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம்.

நேரில் பேசும்போது ஒருவர் முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடையே இருக்கும் இடைவெளி நாம் நினைப்பதைவிட மிகச் சிறியது. நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2009இல் பத்து மொழிகளின் அன்றாடப் பேச்சைப் பதிவு செய்து அளந்தார்கள். கேள்விக்கும் பதிலுக்கும் இடையே சராசரியாக 200 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இருந்தது. (பத்தில் தமிழ் இல்லை. ஆனால் ஜப்பானியம் முதல் மெக்சிகோவின் ட்செல்டால் வரை பெரிய வித்தியாசம் இல்லாதபோது நாம் மட்டும் விலக்காக இருக்க வாய்ப்பில்லை.) எதிராளி முடிக்கும் முன்பே நம் மனம் பதிலைத் தயாரித்துவிடுவதால்தான் இவ்வளவு வேகம் சாத்தியமாகிறது.

இனி இணையத்துக்கு வருவோம். சென்னைக்கும் டொரொண்டோவுக்கும் இடையே நேர்கோட்டில் பார்த்தாலே 12,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. ஆகவே தடையே இல்லாமல் போனாலும் ஒரு பக்கப் பயணத்துக்கு 60 மில்லி விநாடி தேவை. கேபிள் கடலடியில் நேர்கோட்டில் போவதில்லை. போதாக்குறைக்கு, குரலையும் படத்தையும் சுருக்க ஒரு நேரம், விரிக்க ஒரு நேரம், துண்டு துண்டாக வருவதைச் சேர்த்துச் சீராக ஒலிக்க வைக்கக் காத்திருக்கும் நேரம், வைஃபை நெரிசல். எல்லாம் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு 250 மில்லி விநாடி ஆவது சாதாரணம். மாப்பிள்ளையின் கேள்வி போய்ச் சேர 250, பெண் எடுத்துக்கொண்ட இயல்பான 200, பதில் திரும்பி வர 250. ஆக, அவர் காதில் விழுந்த மௌனம் 700 மில்லி விநாடி.

இந்த 700 என்ற எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபெலிசியா ராபர்ட்ஸ் பல ஆண்டுகளாக இத்தகைய மௌனங்களை ஆராய்ந்தவர். ஒருவர் உதவி கேட்கிறார், மற்றவர் "சரி" என்கிறார். நடுவில் உள்ள இடைவெளியை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார். இடைவெளி ஏறக்குறைய 700 மில்லி விநாடியை எட்டும்போது, அந்தச் "சரி" அரைமனதான சரி என்று கேட்பவர்கள் நினைக்கத் தொடங்கினார்கள். வார்த்தையும் குரலும் மாறவில்லை, மௌனம்தான் நீண்டது.

இதில் கொடுமை என்னவென்றால், தாமதம் இருவருக்கும் தெரிவதில்லை. பெண்ணைப் பொறுத்தவரை அவர் உடனே பதில் சொன்னார். மாப்பிள்ளையைப் பொறுத்தவரை அவரும் அப்படியே. இருவர் கண்ணிலும் மந்தமாக இருப்பது எதிரில் இருப்பவர்தான். ஜெர்மனியில் கட்ரின் ஷோனென்பெர்கும் சகாக்களும் தொலைபேசி உரையாடலில் வேண்டுமென்றே தாமதத்தைப் புகுத்திப் பார்த்து 2014இல் வெளியிட்ட ஆய்வின் முடிவும் இதுதான். பேசியவர்கள் லைனைக் குறை சொல்லவில்லை. எதிராளி கவனமில்லாதவர், கலகலப்பு குறைந்தவர் என்று குணத்தின் மேல் பழியைப் போட்டார்கள். படம் உறைந்து, குரல் கரகரத்தால் "நெட்வொர்க் சரியில்லை" என்று எல்லோருக்கும் புரிகிறது. படம் தெளிவாக இருந்து அரை விநாடி பிந்தினால்தான் ஆபத்து.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. இருவரும் மாறி மாறி, இடைவிடாமல் ஒன்று முதல் இருபது வரை எண்ணிப் பார்க்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினால் தாளம் தட்டுவதுபோல் ஓடும் எண்ணிக்கை, அழைப்பில் ஒவ்வொரு எண்ணுக்கும் தடுக்கி நிற்கும். பேச்சிலும் அறிகுறி உண்டு: இருவரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்து, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்று திரும்பத் திரும்ப முட்டிக்கொள்வது. கூச்சம் என்று பெரியவர்கள் ரசிப்பது பெரும்பாலும் இதைத்தான். புளூடூத் இயர்போன் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் தாமதத்தைச் சேர்க்கும்; பழைய ஒயர் இயர்போனுக்கு மாறினால் அது மிச்சம்.

தாமதத்தோடு சேர்ந்து இன்னொன்றும் தொலைகிறது: ம் கொட்டுவது. நம் ஊர்ப் பேச்சில் ஒருவர் கதை சொல்ல, மற்றவர் "ம்… ம்… அப்படியா… அட" என்று போட்டுக்கொண்டே இருப்பார். அழைப்புச் செயலிகள் எதிரொலியையும் இரைச்சலையும் வடிகட்டும்போது, மற்றவர் பேசிக்கொண்டிருக்கையில் வரும் இந்தச் சின்ன ஒலிகளும் பல நேரம் மழுங்கிப்போகின்றன. தப்பி வருபவையும் அரை விநாடி கழித்து, அடுத்த வாக்கியத்தின் மேல் விழுகின்றன. விளைவு, சொல்பவருக்குச் சுவரிடம் பேசுவது போலிருக்கும். அவர் கதையைப் பாதியில் சுருக்கிக்கொள்வார். எதிர்த் தரப்பு "ஆள் ரொம்பப் பேச மாட்டார் போல" என்று எழுதிக்கொள்ளும்.

முகமும் முழுசாக வந்து சேர்வதில்லை. திரையில் தெரியும் கண்களைப் பார்த்தால் கேமராவுக்கு நாம் கீழே பார்ப்பவராகத் தெரிவோம். கேமராவைப் பார்த்தால் அவர் முகம் நமக்குத் தெரியாது. போனைக் கையில் பிடித்தபடி பேசுபவருக்கு மூக்கும் பெரிதாகிவிடும். ஐந்தடி தொலைவில் எடுத்த படத்தைவிட ஓரடி தொலைவில் எடுத்ததில் மூக்கின் அகலம் சுமார் 30 விழுக்காடு கூடுதலாகத் தெரியும் என்று அமெரிக்க மருத்துவர்கள் 2018இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். இதற்கெல்லாம் பரிகாரம் எளிது: போனைக் கண் மட்டத்தில், ஒரு கை நீளத்துக்கு அப்பால் நிறுத்தி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

பரிகாரம் இல்லாத இழப்பும் உண்டு. லெய்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெதர்லாந்துத் திருவிழாக்களில் முன்பின் அறியாத ஆண், பெண் ஜோடிகளை ஒரு சிறு அறையில் எதிரெதிரே உட்காரவைத்து, பார்வை, சிரிப்பு, இதயத்துடிப்பு, உள்ளங்கை வியர்வை எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள். ஒருவரைப் பார்த்து மற்றவர் சிரித்ததோ, கண்ணோடு கண் சேர்ந்ததோ ஈர்ப்பைச் சொல்லவில்லை. இருவரின் இதயத்துடிப்பும் தோலின் ஈரமும் சேர்ந்தே ஏறி இறங்கிய ஜோடிகளில்தான் ஈர்ப்பு இருந்தது. அந்த ஆய்வு நேர்ச் சந்திப்பைப் பற்றியது, வீடியோவோடு ஒப்பிடவில்லை. ஆனால் திரை நன்றாகக் கடத்துவது சிரிப்பையும் பார்வையையும்தான் என்பதை நினைத்தால், கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

வீடியோ அழைப்பைத் தூக்கி எறிய யாரும் தயாரில்லை, எறியவும் தேவையில்லை. போட்டோவில் உள்ளவரும் பேசுபவரும் ஒருவரேதானா, சம்பளம் பற்றிச் சொன்னதில் முன்னுக்குப் பின் முரண் உண்டா, இருவருக்கும் பொதுவாகப் பேச ஏதாவது இருக்கிறதா என்பதெல்லாம் அதில் நன்றாகவே தெரிந்துவிடும். சிக்கல் வரிசையில் இருக்கிறது. வெளிநாட்டு வரன்களில் மாப்பிள்ளைக்கு லீவு கிடைப்பது இரண்டு மூன்று வாரம்; அதற்குள் நேரில் பார்ப்பதற்கு நான்கைந்து பேரைத்தான் அழைக்க முடியும். அந்த நான்கைந்து பேர் யார் என்பதை முன்கூட்டியே வடிகட்டுவது வீடியோ அழைப்புதான். "தயங்குற மாதிரி தெரிஞ்சுது" என்ற ஒரு வரியில் பட்டியலிலிருந்து விழுந்த பெண்ணை, அவர் நேரில் எவ்வளவு வேகமாகப் பதில் சொல்பவர் என்று யாரும் மறுபடி சோதித்துப் பார்ப்பதில்லை.