ஒரே டியூரேஷன், வேறு வேறு நஷ்டம்

கடன் ஃபண்டுகள் மாதந்தோறும் வெளியிடும் ஃபேக்ட் ஷீட்டில், போர்ட்ஃபோலியோ விவரங்களுக்குக் கீழே ‘மாடிஃபைட் டியூரேஷன்’ என்று ஒரு எண் இருக்கும். அது 7.27 ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். ஃபண்டைப் பரிந்துரைக்கும் விநியோகஸ்தர் இதற்கு எளிய விளக்கம் சொல்வார்: சந்தை வட்டி ஒரு சதவிகிதம் ஏறினால் ஃபண்டின் மதிப்பு ஏறக்குறைய 7.27 சதவிகிதம் இறங்கும், வட்டி இறங்கினால் அதே அளவு ஏறும். விளக்கம் சரிதான். ஆனால், அது ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. அந்த நிபந்தனை ஃபேக்ட் ஷீட்டில் அச்சிடப்படுவதில்லை. அது எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க, அந்த எண் உருவாகும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

முதலில் ஒரே ஒரு பத்திரம். பத்து ஆண்டுகளில் முதிரும் அரசுக் கடன்பத்திரம், ஆண்டுக்கு 6.5 சதவிகித வட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டுவாடா. சந்தை யீல்டும் 6.5 சதவிகிதமாகவே இருப்பதால் அது முகமதிப்பிலேயே விற்பனையாகிறது. இதன் முதிர்வு பத்து ஆண்டுகள் என்றாலும், பணம் முழுவதும் பத்தாவது ஆண்டில் வருவதில்லை. இடையிடையே வட்டியாகவும் வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு தவணையின் இன்றைய மதிப்பையும் எடையாக வைத்து, பணம் கைக்கு வரச் சராசரியாக எவ்வளவு காலம் ஆகிறது என்று கணக்கிட்டால் ஏழரை ஆண்டுகள் வரும். 1938-இல் ஃபிரெடரிக் மெக்காலே அமெரிக்க ரயில்வே கடன்பத்திரங்களை ஆராய்ந்த நூலில் முன்வைத்த அளவு இது. இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. இதை அரையாண்டு யீல்டைக் கொண்டு சற்றுத் திருத்தினால் 7.27 கிடைக்கும். அதுதான் மாடிஃபைட் டியூரேஷன்: யீல்டு அசைந்தால் விலை எத்தனை மடங்கு அசையும் என்று சொல்லும் எண்.

ஃபண்டில் பல பத்திரங்கள் இருக்கும்போது, ஒவ்வொன்றின் டியூரேஷனையும் அதன் சந்தை மதிப்பால் எடையிட்டுச் சராசரி எடுக்கிறார்கள். முகமதிப்பை எடையாக எடுத்துவிடக் கூடாது. ஆறு சதவிகித வட்டியுள்ள ஒரு பத்திரத்துக்கு இன்னும் முப்பது ஆண்டுகள் பாக்கி, சந்தை யீல்டு 7 சதவிகிதம் என்றால், 100 கோடி முகமதிப்புள்ள அந்தப் பத்திரம் இன்று ஏறக்குறைய 87.5 கோடிக்குத்தான் விலைபோகும். நஷ்டம் வந்தால் அந்த 87.5 கோடியின் மீதுதான் வரும், எனவே எடையும் அதுவே. ஃபண்ட் ட்ரெப்ஸில் ஒரே நாளுக்குக் கொடுத்து வைத்திருக்கும் ரொக்கத்துக்கு டியூரேஷன் பூஜ்யம். ஆனால் அதையும் எடையில் சேர்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் சராசரி உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும்.

ஏன் சராசரி என்று கேட்டால், நிபந்தனை வெளியே வந்துவிடும். ஒரு பத்திரத்தால் வரும் ரூபாய் நஷ்டம் என்பது அதன் மதிப்பு, அதன் டியூரேஷன், அதன் யீல்டு ஏறிய அளவு ஆகிய மூன்றின் பெருக்கல். ஃபண்டின் மொத்த நஷ்டம் இந்தப் பெருக்கல்களின் கூட்டல். எல்லாப் பத்திரங்களின் யீல்டும் ஒரே அளவு ஏறினால், அந்த ஏற்றத்தைப் பொதுவாக வெளியே எடுத்துவிடலாம். உள்ளே மீதமிருப்பது மதிப்பால் எடையிட்ட டியூரேஷன். ஆக, சராசரி என்ற அந்த ஒற்றை எண்ணுக்குப் பொருள் இருப்பதே, இரண்டு ஆண்டுப் பத்திரத்தின் யீல்டும் முப்பது ஆண்டுப் பத்திரத்தின் யீல்டும் கைகோத்து ஒரே அளவு நகரும்போதுதான். சந்தை அப்படி நகர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

இரண்டு ஃபண்டுகளை எடுத்துக்கொள்வோம், ஒவ்வொன்றிலும் 100 கோடி ரூபாய். கணக்குக்காக, யீல்டு இரண்டு ஆண்டுக்கு 6 சதவிகிதம், பத்து ஆண்டுக்கு 6.5, முப்பது ஆண்டுக்கு 7 என்றும், எல்லாப் பத்திரங்களும் முகமதிப்பில் விற்பனையாவதாகவும் கொள்வோம். முதல் ஃபண்ட் பணம் முழுவதையும் பத்தாண்டுப் பத்திரத்தில் போட்டிருக்கிறது. டீலர்கள் இதை ‘புல்லட்’ என்பார்கள். அதன் டியூரேஷன் 7.27. இரண்டாவது ஃபண்ட் 49 கோடியை இரண்டு ஆண்டுப் பத்திரத்திலும் 51 கோடியை முப்பது ஆண்டுப் பத்திரத்திலும் பிரித்து வைத்திருக்கிறது, இது ‘பார்பெல்’. இரண்டு ஆண்டுப் பத்திரத்தின் டியூரேஷன் 1.86, முப்பது ஆண்டுடையது 12.47. எடையிட்டுக் கூட்டினால் 0.91-உம் 6.36-உம் சேர்ந்து அதே 7.27. ஃபேக்ட் ஷீட்டில் அந்த ஒரு வரியை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே ரிஸ்க்.

எல்லா யீல்டும் 25 பேஸிஸ் பாயின்ட், அதாவது கால் சதவிகிதம், ஏறுகிறது என்போம். டியூரேஷன் கணக்குப்படி இரண்டு ஃபண்டும் 1.82 கோடி இழக்க வேண்டும். பத்திரங்களை முழுமையாக மறுவிலையிட்டுப் பார்த்தால் புல்லட் 1.80 கோடியும் பார்பெல் 1.78 கோடியும் இழக்கின்றன. விலைக்கும் யீல்டுக்கும் உள்ள உறவு நேர்கோடாக இல்லாமல் வளைந்திருப்பதால் வரும் வித்தியாசம் இது. பணமும் காலமும் இரு முனைகளில் பரவியிருப்பதால் பார்பெலுக்கு அந்த வளைவின் ஆதாயம் சற்றுக் கூடுதல். அந்த ஆதாயம் சுமார் 2 லட்சம் ரூபாய். இங்கே சராசரி தன் வேலையைப் பிழையில்லாமல் செய்திருக்கிறது.

இப்போது யீல்டு வளைகோடு முறுக்கிக்கொள்ளட்டும். இரண்டு ஆண்டு யீல்டு 40 பேஸிஸ் பாயின்ட் இறங்குகிறது, பத்தாண்டு அசையவில்லை, முப்பது ஆண்டு 30 பேஸிஸ் பாயின்ட் ஏறுகிறது. புல்லட்டுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. பார்பெலில் இரண்டு ஆண்டுப் பத்திரம் 37 லட்சம் சம்பாதிக்கிறது, முப்பது ஆண்டுப் பத்திரம் 1.85 கோடி இழக்கிறது. நிகர நஷ்டம் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி. ஒரே டியூரேஷன் உள்ள இரண்டு ஃபண்டுகளில் ஒன்று அப்படியே நிற்க, மற்றது ஒன்றரை சதவிகிதம் சரிந்திருக்கிறது.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொரு கணக்கு. பார்பெலின் யீல்டு சராசரியாக எவ்வளவு மாறியது என்று, 49-க்கு 51 என்ற அதே எடையில் பார்த்தால், 4 பேஸிஸ் பாயின்ட் இறங்கியிருக்கிறது! சராசரி டியூரேஷனோடு சராசரி யீல்டு மாற்றத்தைப் பெருக்குபவர் சுமார் 31 லட்சம் லாபத்தை எதிர்பார்த்திருப்பார். இரண்டு சராசரிகளும் தனித்தனியே சரியானவை, அவற்றின் பெருக்கல் தவறானது. காரணம் ரூபாயில் இருக்கிறது. அந்த ஃபண்டில் இரண்டு ஆண்டு யீல்டு ஒரு பேஸிஸ் பாயின்ட் அசைந்தால் 91 ஆயிரம் ரூபாய் மாறும். முப்பது ஆண்டு யீல்டு அதே அளவு அசைந்தால் 6.36 லட்சம் மாறும். பணம் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்திருந்தாலும், ரிஸ்க்கில் எட்டில் ஏழு பங்கு நீண்ட முனையில் குவிந்திருக்கிறது.

முறுக்கு எதிர்த்திசையிலும் வரும். குறுகிய யீல்டு 40 ஏறி, நீண்ட யீல்டு 30 இறங்கினால், அதே பார்பெல் சுமார் 1.6 கோடி சம்பாதிக்கும். ஆகவே பார்பெல் மோசம், புல்லட் நல்லது என்று முடிவுகட்ட இதில் இடமில்லை. வளைகோட்டின் வடிவத்தின் மீது அந்த ஃபண்ட் ஒரு பந்தயம் கட்டியிருக்கிறது, டியூரேஷன் அதைக் காட்டவில்லை, அவ்வளவே.

இந்த முறுக்குகள் பாடப்புத்தகக் கற்பனை அல்ல. 2019 டிசம்பரில் ரிசர்வ் வங்கி வேண்டுமென்றே ஒன்றை உண்டாக்க முயன்றது: 10,000 கோடி ரூபாய்க்கு நீண்டகாலப் பத்திரத்தை வாங்கி, அதே அளவுக்குக் குறுகிய காலப் பத்திரங்களை விற்பதாக அறிவித்தது. வங்கித் துறைக்குள் பணப்புழக்கத்தைக் கூட்டாமல் நீண்ட யீல்டை இறக்குவது நோக்கம். அமெரிக்காவில் 1961-இலும் 2011-இலும் செய்த காரியத்தின் பெயராலேயே, ‘ஆப்பரேஷன் ட்விஸ்ட்’ என்று இங்கும் அழைத்தார்கள். 2025-இல் நடந்தது இதற்கு நேர்மாறு. பிப்ரவரி முதல் ஜூன் வரை ரெப்போ விகிதம் 6.5 சதவிகிதத்திலிருந்து 5.5 சதவிகிதத்துக்கு இறங்கியது. குறுகிய யீல்டுகள் அதைப் பின்தொடர்ந்து இறங்கின. நீண்ட முனை கூடவே இறங்கி வரவில்லை. ஜூனில் ரிசர்வ் வங்கி தன் நிலைப்பாட்டை ‘நியூட்ரல்’ என்று மாற்றிய பிறகு அது ஏறவும் செய்தது. ‘வட்டி குறைகிறது, நீண்ட டியூரேஷன் ஃபண்டில் போடலாம்’ என்று வந்தவர்களுக்கு அந்தக் கோடை முடிவில் குழப்பமே மிஞ்சியது. குறைந்தது ரெப்போ, அவர்கள் ஃபண்டில் இருந்தது முப்பது, நாற்பது ஆண்டுப் பத்திரங்கள்.

இரு முனைகளையும் ஆள்பவர்கள் வேறு வேறு என்பதால்தான் இப்படி ஆகிறது. குறுகிய யீல்டு ரெப்போவுக்கும் வங்கிகளிடம் உள்ள உபரிப் பணத்துக்கும் கட்டுப்படுகிறது. முப்பது ஆண்டு யீல்டை நிர்ணயிப்பதில், ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களும் ஓய்வூதிய, பி.எஃப். நிதிகளும் எவ்வளவு வாங்குகின்றன, மத்திய, மாநில அரசுகள் எவ்வளவு நீண்ட காலத்துக்குக் கடன் வாங்குகின்றன என்பவற்றுக்குப் பெரும் பங்கு. ஒரு பக்கத்துச் செய்தி மறுபக்கத்தை எட்டாமலே போகலாம்.

1991-இல் ராபர்ட் லிட்டர்மேனும் ஹோசே ஷெயின்க்மனும் அமெரிக்க யீல்டு அசைவுகளை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள்: மட்டம், சரிவு, வளைவு. அசைவின் மிகப் பெரும்பகுதி மட்டத்தில் அடங்கிவிடுகிறது. டியூரேஷன் இத்தனை காலம் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம் இதுதான். பெரும்பாலான நாட்களில் அது சரியாகவே சொல்கிறது. மீதிப் பகுதிக்கு 1992-இல் தாமஸ் ஹோ ஒரு வழி கொடுத்தார்: ஒற்றை எண்ணைக் கலைத்து, வளைகோட்டின் முக்கியப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் தனி டியூரேஷன் எழுதுவது. இதற்கு ‘கீ ரேட் டியூரேஷன்’ என்று பெயர். நம் புல்லட் ஃபண்டுக்கு அந்தப் பட்டியலில் பத்தாண்டுக்கு எதிரே 7.27 இருக்கும், மற்றவை பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். பார்பெலில் இரண்டு ஆண்டுக்கு எதிரே 0.91, முப்பது ஆண்டுக்கு எதிரே 6.36. கூட்டுத்தொகை மாறவில்லை, ஆனால் எந்த முறுக்கில் எது அடிபடும் என்று இப்போது தெரிகிறது. இதற்கும் எல்லை உண்டு. அது அரசுப் பத்திர வளைகோட்டை மட்டும் பார்க்கிறது. கம்பெனிப் பத்திரங்களின் யீல்டு அரசு யீல்டை விட்டு விலகினால் அதில் தெரியாது.

செபியின் 2017-ஆம் ஆண்டு வகைப்பாடும் போர்ட்ஃபோலியோவின் மெக்காலே டியூரேஷனை வைத்தே கோடு கிழிக்கிறது: மீடியம் டு லாங் வகைக்கு 4 முதல் 7 ஆண்டுகள், லாங் டியூரேஷன் வகைக்கு 7-க்கு மேல். பாதிக்குச் சற்றுக் குறைவாக முப்பது ஆண்டுப் பத்திரமும் மீதிக்கு ஆறு மாத டிரெஷரி பில்லும் வைத்தால் சராசரி 6 வந்துவிடும். எட்டு ஆண்டுப் பத்திரம் மட்டுமே வைத்தாலும் ஏறக்குறைய அதே இடம்தான். இரண்டும் ஒரே வகையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், ஒரே தரவரிசையில் ஒப்பிடப்படும்.

கீ ரேட் பட்டியல் கையில் இல்லாத முதலீட்டாளர் இதைத் தானே ஓரளவு கண்டுகொள்ளலாம். ஃபேக்ட் ஷீட்டில் பத்திரங்களின் பெயரிலேயே முதிர்வு ஆண்டு இருக்கும், எதிரே நிகரச் சொத்தில் அது எத்தனை சதவிகிதம் என்று இருக்கும். அவற்றை ஐந்து ஆண்டுக்குள், ஐந்து முதல் பதினைந்து, பதினைந்துக்கு மேல் என்று மூன்று கட்டாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டின் சதவிகிதத்தையும் தோராயமான டியூரேஷனால் பெருக்கிக்கொள்ள வேண்டும். நீண்ட பத்திரங்களுக்கு இன்றைய யீல்டில் 11 முதல் 13 என்று வைத்துக்கொள்ளலாம். முப்பது ஆண்டானாலும் நாற்பது ஆண்டானாலும் அதைத் தாண்டி அதிகம் போவதில்லை. நடுக்கட்டு காலியாக இருந்து, கூட்டுத்தொகை முழுவதும் கடைசிக் கட்டிலிருந்தே வந்தால், அந்த ஃபண்டின் யூனிட் விலையை ரெப்போ செய்தியை வைத்துக் கணிக்க முடியாது. அதற்கு முப்பது ஆண்டு யீல்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.