ஒட்டுத் தெரியாமல் ஒரு வரி

கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகிற நேரத்தில் "இன்னும் ஒரு வரி சேர்க்கணும்" என்று வீட்டுக்காரர்கள் வந்து நிற்பது டிடிபி கடைகளில் வழக்கம். மூலக் கோப்பு இருந்தால் ஒரு நிமிட வேலை. கையில் ஜேபெக் மட்டும்தான் என்றால் எழுத்தும் பூவேலையும் பின்னணியும் ஒரே படமாக இறுகிக் கிடக்கும். அதில் சேர்க்கும் வரி இரண்டு பிக்சல் ஏறி நின்றாலும் ஒட்டு வெளியே தெரிந்துவிடும்.

ஆகவே முதல் வேலை, பழைய வரிகள் எந்தக் கோட்டில் நிற்கின்றன என்று கண்டுபிடிப்பது. இதுதான் அடிக்கோடு, அதாவது பேஸ்லைன். தமிழில் இதைக் காட்டிக்கொடுப்பவை ப, ம, ட போன்ற தட்டையான அடி கொண்ட எழுத்துகள். த, ழ, கு ஆகியவற்றின் வால் கோட்டுக்குக் கீழே இறங்குவதால் அவற்றை நம்பக் கூடாது.

நிகழ்ச்சி நிரலில் மூன்று வரிகள் இருப்பதாகக் கொள்வோம். ஃபோட்டோஷாப்பில் Ctrl+R அழுத்தினால் அளவுகோல் வரும். அதன் அலகைப் பிக்சலுக்கு மாற்றி, படத்தை நன்றாகப் பெரிதாக்கி, மேல் அளவுகோலிலிருந்து ஒவ்வொரு வரியின் அடிக்கும் ஒரு வழிகாட்டிக் கோட்டை இழுத்துவிட வேண்டும். அவை 642, 706, 770 என்று விழுந்தால் வரி இடைவெளி 64. நான்காவது வரியின் இடம் 834. ஜேபெக்கில் எழுத்தின் ஓரம் மங்கலாக இருக்கும் என்பதால், ஒரே எழுத்தை நம்பாமல் மூன்று நான்கு எழுத்துகளைப் பார்ப்பது நல்லது.

வரிகள் நிறைய என்றால் கட்டம் கைகொடுக்கும். அளவுகோல்கள் சந்திக்கும் மூலையைப் பிடித்து முதல் அடிக்கோட்டுக்கு இழுத்தால் கட்டமும் அங்கிருந்தே தொடங்கும். கட்ட இடைவெளியை 64 பிக்சல் என்றும் உட்பிரிவை 1 என்றும் வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கோடு தயார்.

அடுத்து, புதிய வரியை உடனே தட்டச்சு செய்யாமல், மூன்றாவது வரியையே அதே எழுத்துருவில் அடித்து, ஒளிபுகா அளவை 50 சதவீதமாக்கிப் பழைய வரியின் மேல் வைக்க வேண்டும். இரட்டை விளிம்பு மறையும்வரை அளவையும் இடத்தையும் திருத்தலாம். பொருந்தியதும் ஒளிபுகா அளவை 100க்குத் திருப்பி, Shift-உடன் கீழ் அம்புக்குறியை ஆறு முறையும், வெறும் அம்புக்குறியை நான்கு முறையும் தட்டினால் சரியாக 64 பிக்சல் இறங்கும். பிறகு சொற்களை மாற்றினாலும் அடிக்கோடு அசையாது.

பலரும் சறுக்குவது Snap வசதியில். இழுத்துக் கொண்டுபோகும் வரி கோட்டில் தானாக ஒட்டுவது உண்மைதான்; ஆனால் ஒட்டுவது எழுத்தின் மிகக் கீழான விளிம்பு. வரியில் ஒரு 'கு' இருந்தால் அதன் வால் கோட்டில் உட்கார, மற்ற எழுத்துகள் மேலே தூக்கிவிடப்படும். ப, ம அடிகளைப் பெரிதாக்கிப் பார்த்தாலே இது தெரியும்.

ஸ்கேன் சாய்ந்திருந்தால் முதலில் அதை நிமிர்த்திவிட்டுக் கோடு போட வேண்டும். கைபேசியில் படம் பிடித்த வளைந்த தாளில் இந்த நேர்க்கோடுகள் உதவாது. அதைத் தட்டையாக வைத்து மறுபடி ஸ்கேன் செய்வதே வழி.