அந்த 650 ரூபாய் எங்கிருந்து வந்தது?

சின்ன அறக்கட்டளைக்குப் பயிற்சிக்கு வரும் கல்லூரி மாணவி கையில் பெரும்பாலும் முதலில் திணிக்கப்படும் வேலை, நன்கொடை கேட்டு ஒரு கடிதம் எழுதுவது. அவரும் பழைய கோப்பைப் புரட்டி, "ஏழை எளிய மாணவர்களின் கல்வி மேம்பாட்டுக்காக அயராது பாடுபட்டு வரும் எங்கள் அறக்கட்டளை" என்று தொடங்குவார். பிரித்தவர் அந்த வரியைத் தாண்டுவது சந்தேகம்தான். அயராது பாடுபடாத அறக்கட்டளை எது?

ஒரு மாலை நேரப் படிப்பு மையத்தை எடுத்துக்கொள்வோம். நாற்பது பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள், வாடகைக்கு ஒரு கூடம், சாயங்காலம் ஆளுக்கு ஒரு கிண்ணம் சுண்டல். இதில் கடிதத்துக்குள் வரவேண்டியது எது?

2007-இல் டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு வழிகாட்டும். கலந்துகொண்டவர்களுக்கு ஆளுக்கு ஐந்து டாலர் கொடுத்து, அதிலிருந்து விரும்பியதைத் தானம் செய்யச் சொன்னார்கள். ஆப்பிரிக்கப் பஞ்சத்தின் புள்ளிவிவரங்களைப் படித்தவர்கள் சராசரியாக 1.14 டாலர் கொடுத்தார்கள். மாலி நாட்டின் ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றி மட்டும் படித்தவர்கள் கொடுத்தது 2.38 டாலர். இரண்டையும் சேர்த்துக் காட்டியபோது தொகை 1.43 டாலருக்கு இறங்கிவிட்டது. சிறுமியின் கதையோடு லட்சக் கணக்குகளைச் சேர்த்தால் மனம் இன்னும் இளகும் என்றுதானே நினைப்போம்? நடந்தது நேர்மாறு.

ஆகவே கடிதத்தின் முதல் பத்தியில் ஒரே ஒரு பிள்ளை போதும். "ஏழாம் வகுப்பு படிக்கும் அவள் ஜூன் மாதம் வந்தபோது வகுத்தல் கணக்கைக் கண்டாலே நோட்டை மூடிவிடுவாள். இப்போது மூன்று இலக்க எண்ணை வகுத்துவிட்டு, விடை சரியா என்று தானே பெருக்கிப் பார்க்கிறாள்." கண்ணீர் தேவையில்லை. கிழிந்த சட்டைப் படமும் வேண்டாம். அந்தப் பெண் அதே தெருவில்தான் நாளைக்கும் நடக்க வேண்டும். பெயரை மாற்றி, பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு எழுதுவது முறை. பணம் அவளுக்கு மட்டும் போகாது, மையத்துக்குப் போகும் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருடம், "என் பிள்ளை எப்படிப் படிக்கிறாள்?" என்று கேட்டு வருபவருக்குப் பதில் சொல்ல முடியாது.

அடுத்தது தொகை. "தங்களால் இயன்றதை வழங்குங்கள்" என்று கேட்டால், எவ்வளவு கொடுப்பது என்ற குழப்பத்திலேயே கடிதம் மேஜையில் கிடக்கும். பயிற்சிக்கு வந்தவருக்குச் சட்டென்று தோன்றுவது, "பத்து ரூபாயில் ஒரு குழந்தைக்குச் சுண்டல்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சுண்டல் பாடம் நடத்தாது. மாதக் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்: ஆசிரியைகள் இருவருக்கும் சேர்த்து 12,000, வாடகையும் மின்சாரமும் 4,000, இருபத்திரண்டு நாள் சுண்டல் 8,800, நோட்டு, பேனா 1,200. மொத்தம் 26,000 ரூபாய். நாற்பதால் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு 650. சுண்டலுக்கென்று கேட்டு வாங்கிய பணத்தை வாடகைக்கு எடுப்பது நியாயமில்லை. 650 என்று கேட்டால் வாடகையும் அதற்குள் அடங்கிவிடும். மாதம் 650, வருடம் 7,800 என்று இரண்டே தொகைகளைக் குறிப்பிட்டால் போதும்.

கடிதங்கள் அதிகம் சறுக்கும் இடம் வரி. எல்லோரும் 80ஜி என்று சொல்லும் சலுகைக்கு அனுமதி பெற்ற சிறு அறக்கட்டளைகள், "50 சதவீத வரி விலக்கு" என்று தடித்த எழுத்தில் போட்டுவிடுகின்றன. பாதிப் பணம் திரும்பிவிடும் என்று படிப்பவர் நம்புகிறார். உண்மையில் 7,800 கொடுத்தால் 3,900 ரூபாய் அவருடைய வருமானத்திலிருந்து கழியும். 20 சதவீத வரி கட்டுபவருக்கு மிச்சம் சுமார் 780 ரூபாய். புதிய வரி முறையில் இருப்பவருக்கு அதுவும் இல்லை. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் சலுகை கிடையாது; எனவே வருடத் தொகையைக் காசோலையாகவோ வங்கி வழியாகவோ அனுப்பும்படி கடிதத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

கையெழுத்து பயிற்சி மாணவியுடையதாக இருக்கக் கூடாது. இரண்டு மாதத்தில் அவர் கல்லூரிக்குத் திரும்பிவிடுவார். சந்தேகம் கேட்டு வரும் தொலைபேசி அழைப்பை எடுக்கப்போவது அறங்காவலர்தான், பெயரும் எண்ணும் அவருடையதாக இருக்கட்டும். இணைக்கும் பதில் சீட்டில் முகவரிக்குக் கீழே பான் எண்ணுக்கும் ஒரு கட்டம் வேண்டும். நிதியாண்டு முடிந்ததும் மே 31-க்குள் நன்கொடையாளர் பட்டியலை வருமான வரித் துறையிடம் தாக்கல் செய்து, அவரவருக்குச் சான்றிதழ் தர வேண்டியது அறக்கட்டளையின் கடமை. அந்தக் கட்டம் விடுபட்டிருந்தால், மே மாத வெயிலில் ஒவ்வொருவராகப் போன் போட்டு எண் கேட்பது அடுத்து வரும் பயிற்சி மாணவரின் வேலையாகிவிடும்.