விரல் வழுக்கியதா, கண்டபடி தட்டியதா?

ஒரு விண்ணப்பப் படிவத்தில் மாவட்டத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் அடிக்கச் சொல்கிறார்கள். ஒருவர் msdutsi என்று அடிக்கிறார், இன்னொருவர் sdfkjhk என்று அடிக்கிறார். பார்வைக்கு இரண்டும் அர்த்தமில்லாத எழுத்துக் கூட்டம்தான். ஆனால் முதலாமவர் madurai என்று அடிக்கப் போய் விரல் வழுக்கியவர். இரண்டாமவர் அந்தக் கட்டத்தை எதையாவது போட்டு நிரப்பினால் போதுமென்று கையில் பட்டதைத் தட்டியவர். இருவரையும் பிரித்துக் காட்டுவது, எந்த விசைக்குப் பக்கத்தில் எந்த விசை இருக்கிறது என்ற தகவல்தான்.

பிழைகளை எண்ணினால் மட்டும் போதாது. ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்ற எத்தனை எழுத்துகளைத் திருத்த வேண்டும் என்று எண்ணும் முறையை 1965-இல் சோவியத் கணிதவியலாளர் லெவன்ஷ்டைன் வகுத்தார். அந்தக் கணக்கில் msdutsi-க்கு மூன்று பிழை. ஏழு எழுத்தில் மூன்று தவறு என்றால், இரண்டுக்கு மேல் அனுமதிக்காத நிரல் அதைத் தள்ளிவிடும். ஆனால் அந்த மூன்றும் எங்கே விழுந்தன என்று பாருங்கள். a அடிக்க வேண்டிய இடத்தில் இரண்டு முறை s, r அடிக்க வேண்டிய இடத்தில் t. மூன்றுமே அடுத்த விசை.

'பக்கம்' என்பதை இங்கே துல்லியமாக வரையறுக்க வேண்டும். விசைப்பலகையின் வரிசைகள் நேருக்கு நேர் நிற்பதில்லை. நடு வரிசை மேல் வரிசையைவிடக் கால் விசை அளவும், கீழ் வரிசை நடு வரிசையைவிட அரை விசை அளவும் வலப்புறம் தள்ளி இருக்கும். அதனால் g-க்கு t, y, f, h, v, b என ஆறு பக்கத்து எழுத்துகள். மூலையில் இருக்கும் p-க்கு o, l என இரண்டுதான். 26 எழுத்துகளில் அமையக்கூடிய 325 ஜோடிகளில் பக்கத்து ஜோடிகள் 55. அதாவது குருட்டாம்போக்கில் விழும் தவறான எழுத்து பக்கத்து விசையாக இருக்க ஆறில் ஒரு வாய்ப்புதான் உண்டு. மூன்று தவறும் தற்செயலாக அப்படி அமைய 200-இல் ஒன்றுக்கும் குறைவு.

இதை மதிப்பெண்ணாக்கலாம். சரியான எழுத்துக்கு 0, பக்கத்து விசைக்கு 0.4, தொலைவு விசைக்கு 1 என்று வைத்துக்கொள்வோம். msdutsi வாங்குவது 1.2. sdfkjhk-ஐ madurai-யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் ஒன்றுகூடப் பொருந்தவில்லை, இரண்டு பக்கத்தில், ஐந்து தொலைவில், மொத்தம் 5.8. இப்படி 38 மாவட்டப் பெயர்களோடும் ஒப்பிட்டு, மிகக் குறைந்த மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு. கண்டபடி தட்டியதிலும் பக்கத்து விசைகள் நிறைய இருக்கும். sdfkjhk-இல் s-d, d-f, k-j, j-h எல்லாம் பக்கம் பக்கம்தான். ஆனால் அவை தங்களுக்குள்தான் பக்கம். அடிக்க நினைத்த சொல்லுக்குப் பக்கமில்லை. தட்டிய எழுத்துகளுக்குள் நெருக்கத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பெழுதினால், were என்ற நல்ல ஆங்கிலச் சொல்லும் மாட்டிக்கொள்ளும். அதன் ஒவ்வொரு எழுத்தும் முந்தைய எழுத்துக்குப் பக்கத்து விசை.

இன்னொரு சிக்கல், கூடுதலாக விழும் எழுத்து. விரல் இரண்டு விசைகளின் நடுவே பட்டால் mnadurai என்று வந்துவிடும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் n-க்குப் பிறகு எல்லாமே இடம் மாறி, ஒரு சிறு வழுக்கல் பெரும் குழப்பமாகத் தெரியும். அதனால்தான் லெவன்ஷ்டைன் முறைப்படி எழுத்துகளை முதலில் சரியாகப் பொருத்திவிட்டு, அதன்பின் பக்கத்து விசைக்கான சலுகையைக் கொடுக்கிறார்கள். கை முழுதும் ஒரு விசை தள்ளி அமர்ந்துவிட்டால் hello என்பது jr;;p ஆகும். பார்த்தால் கண்டபடி தட்டியது போலவே இருக்கும். ஆனால் ஐந்து எழுத்தும் ஒரே திசையில் ஒரே அளவு நகர்ந்திருப்பது உண்மையைச் சொல்லிவிடும்.

பட்டியல் தமிழில் அடித்ததாக இருந்தால் அட்டவணையும் மாற வேண்டும். தமிழ்99 விசைப்பலகையில் ப-வும் ம-வும் பக்கத்து விசைகள். 'படம்' அடிக்கப் போனவர் விரல் வழுக்கினால் 'மடம்' வரும். அதுவும் நல்ல சொல்லே என்பதால், முன்பின் வாசகத்தைப் பார்க்காமல் இந்தப் பிழையைப் பிடிக்க முடியாது. சொல் சிறியதாகவும் பட்டியல் பெரியதாகவும் இருந்தாலும் ஆபத்துதான். லட்சம் சொற்களுக்கு நடுவே எந்த நான்கு எழுத்துக் குப்பைக்கும் ஏதோ ஒரு சொல் நெருக்கமாக அமைந்துவிடும்.

ஆகவே மதிப்பெண்ணைச் சொல்லின் நீளத்தால் வகுத்துப் பார்ப்பது நல்லது. madurai-யோடு ஒப்பிட்டால் msdutsi-க்கு 0.17, sdfkjhk-க்கு 0.83. முதலாமவரிடம் "மதுரையா?" என்று கேட்கலாம், இரண்டாமவரிடம் மறுபடி அடிக்கச் சொல்லலாம். நடுவில் நிற்பவற்றை நிரல் தானாகத் திருத்தவும் கூடாது, தள்ளவும் கூடாது. அடித்ததை அப்படியே வைத்துக்கொண்டு ஓர் ஆளிடம் காட்ட வேண்டும். ஒரு குப்பை உள்ளே வந்தால் பிறகு நீக்கிக்கொள்ளலாம். விரல் வழுக்கியவரின் விண்ணப்பத்தைத் தள்ளினால் இழப்பு அவருக்கு.