வேலையில் ஏறாத 4,68,000 ரூபாய்

பம்புக்கு வேண்டிய ஷாஃப்ட் கடைந்து தரும் ஒரு பட்டறையை நினைத்துக்கொள்வோம். கோவைப் பக்கம் இப்படிப்பட்டவை தெருவுக்கு ஒன்று உண்டு. ஐந்து சி.என்.சி. மெஷின்கள், ஓர் ஓவர்ஹெட் கிரேன், மூலையில் கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு கணக்குப்பிள்ளை. ஒரு ஷாஃப்டுக்கு எவ்வளவு இரும்பு பிடித்தது என்பதை எடைபோட்டுச் சொல்லிவிடலாம். ஆபரேட்டர் அதில் எத்தனை மணி நேரம் நின்றார் என்பது ஜாப் கார்டில் இருக்கிறது. ஆனால் கட்டட வாடகை, சூப்பர்வைசர் சம்பளம், மெஷின்களின் தேய்மானம், இன்சூரன்ஸ் ஆகியவற்றில் அந்த ஷாஃப்டின் பங்கு என்ன? அதை எந்தத் தராசும் சொல்லாது.

அதனால் ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள். இந்தச் செலவெல்லாம் சேர்ந்து வருடத்துக்கு 36,00,000 ரூபாய் ஆகும், ஐந்து மெஷினும் சேர்ந்து 12,000 மணி நேரம் ஓடும் என்று மதிப்பிட்டால், மெஷின் மணிக்கு 300 ரூபாய். ஒரு வேலை பத்து மணி நேரம் மெஷினில் இருந்தால் அதன் அடக்கவிலையில் 3,000 ரூபாய் ஏறும். பாடப்புத்தகம் இதை மேற்செலவு ஈர்ப்பு என்கிறது. பட்டறையில் ‘ஓவர்ஹெட் ஏத்தறது’ என்பார்கள். வருடம் முடியும்வரை காத்திருந்து நிஜச் செலவைப் பங்கிடலாமே என்றால், ஏப்ரலில் விலை கேட்டு வருகிற வாடிக்கையாளர் அடுத்த மார்ச் வரை காத்திருக்க மாட்டார்.

மதிப்பீடு மதிப்பீடுதான். மார்ச் 31 அன்று இந்தப் பட்டறையின் நிஜ மேற்செலவு 37,08,000 ரூபாய். மெஷின்கள் ஓடியது 10,800 மணி நேரம். மணிக்கு 300 வீதம் வேலைகளின் தலையில் ஏறியது 32,40,000 ரூபாய் மட்டும். மீதி 4,68,000 ரூபாய் செலவாகிவிட்டது. ஆனால் எந்த ஷாஃப்டின் அடக்கத்திலும் அது இல்லை. இதுதான் குறை ஈர்ப்பு. நிஜச் செலவைவிட அதிகமாக ஏறியிருந்தால் மிகை ஈர்ப்பு.

இந்தத் தொகையை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று உடனே கேட்பது தவறு. அது எப்படி வந்தது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். 4,68,000 என்பது ஒரே தொகை போலத் தோன்றினாலும் அதற்குள் இரண்டு தனிக் கதைகள் இருக்கின்றன.

முதல் கதை செலவு கூடியது. நடு ஆண்டில் வாடகை ஏறியது, சூப்பர்வைசருக்குச் சம்பள உயர்வு கொடுத்தார்கள். மதிப்பிட்ட 36,00,000-ஐவிட 1,08,000 ரூபாய் அதிகம். இரண்டாவது கதை மெஷின் நின்றது. ஓட வேண்டியதில் 1,200 மணி நேரம் ஓடவில்லை. மணிக்கு 300 வீதம் அது 3,60,000 ரூபாய். இரண்டையும் கூட்டினால் கணக்கு நேராகிறது.

அந்த 1,200 மணி நேரத்துக்குக் காரணம் பராமரிப்பு நோட்டில் இருக்கிறது. மூன்றாம் நம்பர் மெஷினின் ஸ்பிண்டில் பழுதாகி, மாற்று வருகிறவரை நான்கு மாதம் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. மாதம் 200 வீதம் 800 மணி நேரம் அப்படிப் போனது. மற்ற 400 ஆர்டர் இல்லாமல் போனது.

கணக்குப்பிள்ளை இங்கே இன்னொன்றையும் சரிபார்த்தாக வேண்டும். அவசர வேலைகளுக்கு ஆபரேட்டர்கள் ஜாப் கார்டு போட மறப்பதுண்டு. மெஷின் ஓடியிருக்கும், கார்டு இருக்காது. ஏட்டில் அது நின்ற நேரமாகத் தெரிந்து குறை ஈர்ப்பைப் பெரிதாக்கிவிடும். மெஷினின் கண்ட்ரோல் பேனலே ஓடிய நேரத்தைக் காட்டும். அதையும் கார்டுகளின் கூட்டுத்தொகையையும் மாதம் ஒருமுறை ஒப்பிட்டால் இந்தப் பொய்க் குறை பிடிபட்டுவிடும். இந்தப் பட்டறையில் இரண்டும் ஒத்துப்போகின்றன என்றே வைத்துக்கொள்வோம்.

இனி சரிக்கட்டல். கூடிய செலவு 1,08,000 ரூபாய், ஓடிய மணிகளுக்கு உரியதுதான். தொடக்க மதிப்பீடு குறைவாக இருந்தது, அவ்வளவே. ஆகவே அதை 10,800-ஆல் வகுத்து மணிக்கு 10 ரூபாய் துணை வீதமாக ஏற்றுகிறார்கள். 10,800 மணியில் 9,000 மணி நேர வேலை விற்றுப்போயிற்று. அதன் பங்கு 90,000 ரூபாய் விற்ற சரக்கின் அடக்கத்தில் சேரும். 1,200 மணி நேரச் சரக்கு முடிந்து குடோனில் இருக்கிறது, அதற்கு 12,000. பாதியில் நிற்கும் வேலைக்கு 600 மணி, அதாவது 6,000 ரூபாய்.

மெஷின் நின்றதால் வந்த 3,60,000 ரூபாய்க்கு இந்த வழி கிடையாது. அது அப்படியே அந்த வருடத்தின் லாப நட்டக் கணக்குக்குப் போகும். தார்ப்பாய்க்கடியில் கிடந்த மெஷின் எந்த ஷாஃப்டையும் கடையவில்லை. சரக்கு மதிப்பீட்டுக்கான ஏ.எஸ். 2 தரநிலையும், பெரிய நிறுவனங்களுக்கான இண்ட் ஏ.எஸ். 2-வும் இதையே சொல்கின்றன: நிலையான உற்பத்தி மேற்செலவை வழக்கமான உற்பத்தித் திறனை வைத்தே சரக்கில் ஏற்ற வேண்டும்; உற்பத்தி குறைந்ததாலோ ஆலை சும்மா கிடந்ததாலோ ஒரு சரக்கின் பங்கு கூடக் கூடாது. 2020-இல் ஊரடங்கில் ஆலைகள் பூட்டிக் கிடந்த வாரங்களின் வாடகையும் தேய்மானமும் குடோன் சரக்கின் தலையில் ஏற முடியாமல் போனது இந்த விதியால்தான்.

விதியை மீறினால் என்ன ஆகும் என்று பார்த்துவிடலாம். சில முதலாளிகளுக்கு இந்த ஆசை வரும், குறிப்பாக வங்கிக்குக் கணக்குக் காட்டும் வருடத்தில். நின்ற நேரத்தின் 3,60,000-ஐயும் ஓடிய மணிகளின் மேலேயே பரப்பினால், விற்காத 1,800 மணி நேரச் சரக்கின் மதிப்பு 60,000 ரூபாய் கூடும். லாபமும் அதே அளவு கூடிக் காட்டும். குடோனில் ஒரு ஷாஃப்டுகூட அதிகமாக இல்லை. உடைந்த ஸ்பிண்டிலின் ஒரு துண்டைத்தான் சொத்து என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவது என்ற மூன்றாவது வழியும் புத்தகங்களில் உண்டு. சர்க்கரை ஆலை போல அரவைப் பருவத்தில் மிகையும் மற்ற மாதங்களில் குறையும் வருகிற இடத்தில், நிர்வாகத்துக்கான மாத அறிக்கையில் வித்தியாசத்தை அப்படியே எடுத்துச் செல்வது நியாயம். வருடத்துக்குள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஆண்டிறுதிக் கணக்கில் ஸ்பிண்டில் நட்டத்தை அப்படித் தள்ள முடியாது.

மிகை ஈர்ப்பு வந்தால் சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு. 36,00,000 ரூபாய்தான் செலவு, மெஷின்கள் 13,500 மணி நேரம் ஓடின என்றால் ஏறியது 40,50,000, மிகை 4,50,000. நிஜ வீதம் மணிக்கு ஏறத்தாழ 267 ரூபாய்தான். அந்த மார்ச்சில் 1,500 மணி நேரச் சரக்கு விற்காமல் இருந்தால் அதன் மதிப்பில் 50,000 ரூபாயைக் குறைத்தே ஆக வேண்டும், நிஜ அடக்கத்துக்கு மேல் சரக்கை மதிப்பிடக் கூடாதென்பதால். மீதி விற்ற சரக்கின் அடக்கத்திலிருந்து கழியும். ஆனால் 300 ரூபாய் வீதத்தில் விலை சொல்லிப் பக்கத்துப் பட்டறையிடம் பறிகொடுத்த ஆர்டர்கள் இருந்தால், அவை எந்தச் சரிக்கட்டலிலும் திரும்பி வராது.

நமது பட்டறைக்கு வருவோம். நிஜச் செலவை ஓடிய மணியால் வகுத்து, புது வீதத்தை 343 என்று வைக்கலாமே என்று முதலாளி கேட்கக்கூடும். அப்படி வைத்தால் ஸ்பிண்டில் உடைந்ததற்கான தண்டம் அடுத்த வருட வாடிக்கையாளரின் விலையில் ஏறும். ஆர்டர் இன்னும் குறையும். மணி குறைந்தால் வீதம் மேலும் ஏறும். இனித் தொடரப்போகும் வாடகையும் சம்பளமும் சேர்ந்த 37,08,000-ஐ வழக்கமான 12,000 மணியால் வகுத்து, கணக்குப்பிள்ளை ஏப்ரல் ஏட்டின் முதல் பக்கத்தில் 309 என்று எழுதுகிறார்.