செவ்வாய்க்கிழமை தண்ணீர் வருமா?

சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சங்கச் செயலாளர் ஞாயிறு மாலை எழுதும் வாரச் செய்தியைப் பலரும் ஒரு சந்தேகம் தீரத்தான் படிக்கிறார்கள். தண்ணீர் வருமா, வராதா? அதைச் சரியாக எழுதுவது பார்க்கிற அளவுக்குச் சுலபமில்லை.

நாற்பது வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்தால் மொத்தம் 21,600 லிட்டர் வேண்டும். மொட்டைமாடித் தொட்டி பிடிப்பது 10,000 லிட்டர்தான். கீழே சம்ப்பிலிருந்து மோட்டார் ஏற்றிக்கொண்டே இருந்தால்தான் குழாயில் தண்ணீர் வரும்.

செவ்வாய் காலை 8 மணிக்குத் தொட்டி கழுவ ஆள் வருகிறார் என்று செயலாளர் எழுதுகிறார். அதே செவ்வாய் காலை 9 முதல் 2 வரை பராமரிப்பு மின்தடை என்று செய்தித்தாளில் வந்திருக்கிறது, அதையும் எழுதுகிறார். இரண்டும் உண்மை. ஆனால் தனித்தனியாக, ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் கிடந்தால் சங்கதி யாருக்கும் உறைப்பதில்லை. கழுவி முடிக்கப் பதினொன்று ஆகும். ஜெனரேட்டரில் மோட்டாருக்கு இணைப்பு இல்லையென்றால் இரண்டு மணி வரை மேலே ஒரு சொட்டு ஏறாது. லாரித் தண்ணீர் வாங்கினாலும் அது சம்ப்போடு நின்றுவிடும்.

அதனால்தான் அனுபவமுள்ள செயலாளர்கள் லிஃப்ட், தண்ணீர், மின்சாரம் என்று தலைப்பு வாரியாக எழுதாமல் கிழமை வாரியாக எழுதுகிறார்கள். செவ்வாய்க்குக் கீழே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து விழும்போது எழுதுகிறவருக்கே மோதல் தெரிந்துவிடும். கழுவுகிற வேலையைப் புதனுக்கு மாற்ற ஒரு போன் போதும்.

மாற்றிய பிறகு எழுத வேண்டியது இவ்வளவுதான்: "புதன் காலை 8 முதல் மதியம் 1 வரை எல்லா வீட்டுக்கும் தண்ணீர் இருக்காது. காலை 7-க்குள் பிடித்து வைக்கவும். தண்ணீர் திரும்பியதும் ப்ளீச்சிங் பவுடர் வாடை போகும்வரை குழாயைத் திறந்துவிடவும், அதுவரை ஆர்.ஓ. இயந்திரத்துக்குப் போகும் குழாயை மூடி வைக்கவும்." கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குளோரின் ஆர்.ஓ. சவ்வைக் கெடுத்துவிடும், புது சவ்வின் விலை வாங்கியவருக்குத் தெரியும்.

எழுதக் கூடாதவையும் உண்டு. மெயின்டனன்ஸ் பாக்கி வைத்தவர் பெயரைப் போட்டால் பாக்கி வருகிறதோ இல்லையோ, சண்டை வரும். மூன்றாம் மாடிக்காரர் குடும்பத்தோடு பத்து நாள் காசிக்குப் போகிறார் என்று அன்போடு எழுதுவது அதைவிட மோசம். பூட்டிய வீட்டை ஊருக்கே அறிவிப்பதுதான் அது.

சரியாக எழுதினோமா என்று புதன் காலை பத்து மணிக்கு வாட்ச்மேனைக் கேட்டால் தெரிந்துவிடும். "சார், தண்ணி ஏன் வரல" என்று அவருக்கு எத்தனை வீட்டிலிருந்து இன்டர்காம் வந்தது என்பதே கணக்கு.