பள்ளிப் பணம்: யாருக்கு, எதுவரை?

1968-69 கல்வியாண்டில், கலிபோர்னியாவின் பால்ட்வின் பார்க் என்ற எளியோர் ஊரில் ஒரு மாணவருக்குச் சுமார் 577 டாலர் செலவிடப்பட்டது. செல்வந்தர் வாழும் பெவர்லி ஹில்ஸில் அது 1,232 டாலர். பள்ளிகள் உள்ளூர்ச் சொத்து வரியைப் பெரிதும் நம்பியிருந்தன. பால்ட்வின் பார்க்கின் வரி விகிதம் பெவர்லி ஹில்ஸைப்போல இரு மடங்குக்கும் மேல். ஆனாலும் சொத்துகளின் மதிப்பு குறைவாக இருந்ததால் பாதிப் பணம்கூடச் சேரவில்லை. இந்த முறை சட்டத்தின்முன் சமத்துவத்துக்கு முரணானது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1971-இல் செரானோ வழக்கில் கூறியது.

அரசிடம் இருக்கும் பணத்தை ஏழை, பணக்கார மாணவர்களுக்கு எப்படிப் பங்கிடுவது என்பதில் மூன்று நோக்குகள் உண்டு. இடைவெளியே அநீதி, அதைக் குறைக்க வேண்டும் என்பது சமத்துவ நோக்கு. இடைவெளி தன்னளவில் பொருட்டல்ல, மிகப் பின்தங்கியவர் பெறும் நன்மைக்குக் கூடுதல் எடை தர வேண்டும் என்பது முன்னுரிமை நோக்கு. ஒவ்வொருவருக்கும் போதுமானது கிடைத்துவிட்டால் அதற்குமேல் யாருக்கு எவ்வளவு என்பது நீதியின் கவலையல்ல என்பது போதுமை நோக்கு.

மூன்றும் ஏழைக்கே முதலில் கொடுக்கச் சொல்வதால் ஒன்றுபோலத் தோன்றும். எங்கே நிறுத்துவது என்று கேட்டால்தான் பிரியும். ஒரு கற்பனைக் கணக்கு: ஏழைப் பள்ளியின் வாசிப்புச் சராசரி 30 மதிப்பெண், பணக்காரப் பள்ளியில் 70. கையில் 10 லட்சம் ரூபாய். ஒரு லட்சம் செலவிட்டால் ஏழைப் பள்ளியில் 1 மதிப்பெண் ஏறும். பசியும் வீட்டு நெருக்கடியும் இல்லாத மற்றதில் 3 ஏறும்.

சமத்துவ நோக்கு பத்து லட்சத்தையும் ஏழைப் பள்ளிக்கே தரும். இடைவெளி 40-இலிருந்து 30 ஆகும். போதுமைக் கோடு 34 என்றால், போதுமை நோக்குக்கு 4 லட்சம் போதும்; மீதி ஆறு லட்சம் எங்கே போனாலும் அதற்கு ஆட்சேபம் இல்லை. முன்னுரிமை நோக்கு எடை போட்டுப் பார்க்கும். 30-இல் இருப்பவரின் ஒரு மதிப்பெண்ணுக்கு நான்கு மடங்கு எடை என்றால், அது மற்றவரின் மூன்றை வெல்கிறது. அவர் முன்னேற முன்னேற எடை குறைகிறது. 37-இல் அது மூன்றாகிவிட்டால், 7 லட்சத்தோடு நின்று மீதியை மறுபக்கம் தரலாம். இந்த எடைகளை எந்த ஆய்வும் கண்டுபிடித்துத் தராது. ஆள்பவர்கள்தாம் அவற்றை முடிவுசெய்து, மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சமத்துவத்துக்கு எதிரான வலுவான வாதத்தைத் தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் 1991-ஆம் ஆண்டு உரையில் கூர்மையாக்கினார்: மேலே இருப்பவரைக் கீழே இறக்கினாலும் இடைவெளி குறையும், ஆனால் அதனால் யாருக்கு என்ன பயன்? கலிபோர்னியாவில் இந்தக் கேள்வி வெறும் ஏட்டளவில் நிற்கவில்லை. மாவட்டங்களுக்கிடையே செல்வத்தால் வரும் வேறுபாடு மாணவருக்கு 100 டாலருக்குள் சுருங்க வேண்டும் என்ற கட்டளையை 1976-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 1978-இல் வாக்காளர்கள் சொத்து வரிக்கு ஒரு சதவீத உச்சவரம்பு விதித்தனர். பின்னர் செலவுகள் நெருங்கிவந்தன. ஆனால் மாநிலத்தின் சராசரிச் செலவு நாட்டின் சராசரிக்குக் கீழே சரிந்தது. முதலாவதுதான் இரண்டாவதற்குக் காரணமா என்பதில் பொருளியலாளர்கள் இன்றும் மாறுபடுகிறார்கள்.

முன்னுரிமை நோக்குக்கு நெருக்கமானது, 2011-இல் இங்கிலாந்து தொடங்கிய மாணவர் கூடுதல் நிதி. இலவச மதிய உணவுக்குத் தகுதியான ஒவ்வொரு மாணவரின் பெயரிலும் பள்ளிக்குக் கூடுதல் தொகை வருகிறது. இடைவெளியை அளந்து யாரையும் கீழிறக்குவதில்லை.

போதுமை நோக்கைத் தத்துவவாதி ஹாரி ஃபிராங்ஃபர்ட் 1987-இல் வாதிட்டு நிறுவினார். அதன் ஆபத்து கோட்டை ஒட்டி இருக்கிறது. ‘தேறியோர் எண்ணிக்கை’ மட்டுமே அளவுகோலானால், தேர்ச்சிக்கு ஓரிரு மதிப்பெண் குறைந்த பிள்ளைகளை மட்டும் பள்ளி தூக்கிவிடும். மிகப் பின்னே இருப்பவர் கைவிடப்படுவார். தேர்ச்சி விகிதம் உயர்ந்தும் கடைசிப் பத்து சதவீதத்தினரின் மதிப்பெண் அசையவில்லை என்றால், இதுதான் நடக்கிறது என்று ஐயப்படலாம்.

இதைவிட ஆழமான சிக்கல், போதுமானது எது என்பதே. கென்டக்கி உச்ச நீதிமன்றம் 1989-இல் ரோஸ் வழக்கில், போதுமான கல்வி தரும் ஏழு திறன்களைப் பட்டியலிட்டது. ஏழாவது: அண்டை மாநில மாணவர்களோடு படிப்பிலும் வேலைச் சந்தையிலும் போட்டியிடும் அளவு தேர்ச்சி. போட்டி என்று வந்தபின் மற்றவர் கையில் என்ன இருக்கிறது என்பதைக் கணக்கில் எடுக்காமல் கோடு போட முடியாது. எழுத்தறிவு ஒருவருக்குத் தானாகவே பயன்படும். கல்லூரி இடமோ அடுத்தவரைவிட முந்துவதைப் பொறுத்தது. ஆகவே எழுத்தறிவு வரை, முன்னுரிமை எடையோ போதுமைக் கோடோ பட்ஜெட்டுக்கு நல்ல வழிகாட்டி. இடங்கள் குறைவான மேல் வகுப்புகளிலோ, பணக்காரப் பள்ளிக்குத் தரும் ஒவ்வொரு லட்சமும் ஏழை மாணவரின் வாய்ப்பைச் சற்றே குறைக்கிறது. அங்கே இடைவெளியையும் அளந்தே பணத்தைப் பங்கிட வேண்டும். பணக்காரப் பெற்றோரின் தனிப்பயிற்சிச் செலவு உயரும்போது போதுமைக் கோட்டையும் உயர்த்த வேண்டியிருக்கும்.